சமரசம் ஜூலையில், நஷ்டம் எந்த வருஷத்தில்?

கேள்வி: கோவையில் வார்ப்பு உதிரிபாகம் செய்யும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. சரக்கில் குறை என்று வாடிக்கையாளர் ஒருவர் பிப்ரவரியில் நோட்டீஸ் அனுப்பி 42 லட்சம் கேட்டார். நாங்கள் 20 லட்சம் தருவதாக எழுதிக் கொடுத்தோம். இப்போது மத்தியஸ்தத்தில் பேச்சு 28 லட்சத்துக்கு வந்து நிற்கிறது, ஜூலையில் கையெழுத்தாகலாம். மார்ச் 31 கணக்கை ஆகஸ்டில் போர்டு அங்கீகரிக்கும். நோட்ஸில் ஒரு வரி போட்டால் போதும் என்கிறார் அக்கவுன்டன்ட். ஆடிட்டர் புரொவிஷன் போடச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: ஆடிட்டர் சொல்வதுதான் சரி. பணம் எப்போது கை மாறுகிறது என்பதைக் கணக்கு பார்ப்பதில்லை. பிரச்சினையின் வேர் எந்தத் தேதியில் இருக்கிறது என்றுதான் பார்க்கும். குறையுள்ள சரக்கு மார்ச் 31க்கு முன்பே போய்விட்டது, நோட்டீஸும் வந்துவிட்டது. பொறுப்பு அன்றைக்கே உங்கள் தலையில் ஏறியாயிற்று. எவ்வளவு என்பது மட்டும்தான் ஜூலையில் தெரியப்போகிறது. போர்டு கையெழுத்துப் போடும் நாள் வரை கிடைக்கும் இப்படிப்பட்ட தகவலை மார்ச் கணக்கிலேயே சேர்க்கச் சொல்கிறது ஏ.எஸ். 4 என்ற கணக்குத் தரநிலை. எவ்வளவு ஒதுக்குவது என்பதை ஏ.எஸ். 29 சொல்கிறது.

கொடுக்க வேண்டி வரும் வாய்ப்பு அதிகம் என்றால் புரொவிஷன். வரலாம், வராமலும் போகலாம் என்ற நிலையில்தான் நோட்ஸ். 20 லட்சம் தருகிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு, ‘வராமலும் போகலாம்’ என்று எப்படிச் சொல்வது? ‘உரிமைக்குப் பாதகமின்றி எழுதிய கடிதம்தானே சார்’ என்பார்கள். அந்த வாசகம் கோர்ட்டில் உங்களைக் காப்பாற்றலாம். ஆடிட்டர் மேஜையில் அந்தக் கடிதம் 20 லட்சத்துக்குச் சாட்சி.

ஒரு விஷயத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். மத்தியஸ்தத்தில் இப்போது பேசப்படும் வாடிக்கையாளரின் பட்டியலில், நோட்டீஸுக்குப் பிறகு ஏப்ரலில் போன லாட் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதற்கான பங்கு மார்ச் கணக்கில் வராது. அந்தச் சரக்கு மார்ச் 31 அன்று உங்கள் ஷெட்டைத் தாண்டவே இல்லை. 28 லட்சத்தில் ஏப்ரல் லாட்டுக்கு 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் கணக்கில் 25 லட்சம் செலவு, அதே 25 லட்சம் புரொவிஷன். மீதி 3 லட்சம் அடுத்த வருஷச் செலவு. ஜூலையில் 28 லட்சம் செக் கொடுக்கும்போது 25 லட்சம் புரொவிஷனில் கழிந்துவிடும். சமரச ஒப்பந்தத்தில் மொத்தமாக ‘28 லட்சம், முழுத் தீர்வு’ என்று மட்டும் இருந்தால் இந்தப் பிரிவினையை நிரூபிக்க முடியாது. லாட் நம்பர், டெலிவரி சலான் தேதியோடு ஒரு அட்டவணை இணைக்கச் சொல்லுங்கள். வட்டி சேர்த்துக் கொடுப்பதானால் அதையும் மார்ச் 31 வரை, அதற்குப் பின் என்று இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும்.

ஆகஸ்ட் வரை கையெழுத்தாகவில்லையா? அப்போதும் பூஜ்யம் கிடையாது. அன்றைக்குத் தெரிந்ததை வைத்துச் சிறந்த மதிப்பீடு போட வேண்டும். பேச்சு 28ஐச் சுற்றியே நின்றால் 28தான், ஏப்ரல் பங்கைக் கழித்துக்கொண்டு. 42ஐப் போட்டுப் பயமுறுத்திக்கொள்ளவும் வேண்டாம், முதலில் சொன்ன 20லேயே நிற்கவும் வேண்டாம்.

அப்புறம், இந்த சீசனில் லோன் ஏஜென்டுகள் வருவார்கள். ‘சிசி லிமிட் ரினியூவல் இருக்கிறது, லாபம் குறையக் கூடாது, வழக்கு நிற்காது என்று வக்கீல் லெட்டர் வாங்கித் தருகிறேன்’ என்பார்கள். சிலர் சமரசப் பேச்சே செப்டம்பரில்தான் ஆரம்பித்தது போலத் தேதி போட்டுக் காகிதம் தயார் செய்கிறார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள். மத்தியஸ்தரிடம் பேச்சின் தேதி இருக்கிறது, உங்கள் மெயிலில் 20 லட்சக் கடிதம் இருக்கிறது. கம்பெனிகளின் அக்கவுன்டிங் சாஃப்ட்வேரில் 2023 ஏப்ரல் முதல் திருத்தத் தடம் பதிவாக வேண்டும் என்பதால், பின்தேதி என்ட்ரியும் பல்லைக் காட்டும்.

நேர்மையான வக்கீல் லெட்டருக்கும் பஞ்சம்தான். எந்த வழக்கைக் கேட்டாலும் ‘நம் பக்கம் நியாயம் வலுவாக உள்ளது’ என்று ஒரே வரி. வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கும் வழக்குக்கும் அதே வரி, நாளை சமரசம் ஆகப்போகும் வழக்குக்கும் அதே வரி. அதை நம்பி நாங்கள் எதை முடிவு செய்வது? அதனால் பொதுவான கருத்தைக் கேட்காதீர்கள். மார்ச் 31 அன்று பேச்சு எந்தத் தொகையில் இருந்தது, இன்று எந்தத் தொகையில் இருக்கிறது, எந்தெந்த லாட் தகராறில் உள்ளன என்று மூன்றே கேள்வி அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வருமான வரியில் இந்தச் செலவை எப்போது கழிக்கலாம் என்பது தனிக் கணக்கு. அங்கே புரொவிஷனுக்குக் கேட்கும் உறுதி இதைவிட அதிகம். ரிட்டர்ன் போடும் முன் சமரச ஒப்பந்தத்தின் நகலை ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.