பயம்–பேராசைக் குறியீட்டை நம்பி வாங்கலாமா?

"வேலூரில் இருந்து மாதாமாதம் குறியீட்டு நிதியில் பணம் போடுகிறேன். பயம்–பேராசைக் குறியீடு 'அதீத பயம்' என்று காட்டும்போது மொத்தமாக வாங்கலாமா?"

அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சிஎன்என் வெளியிடும் குறியீடு ஏழு அளவுகளைச் சம எடையில் சராசரியாக்கி, 0 (உச்ச பயம்) முதல் 100 (உச்ச பேராசை) வரை மதிப்பெண் தருகிறது. அவற்றில் ஒன்று, அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான எஸ் அண்ட் பி 500 தன் 125 நாள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. அந்த விலகல் வழக்கமாக இருக்கும் அளவோடு ஒப்பிடப்பட்டே மதிப்பெண்ணாகிறது. நம் ஊரில் 40 டிகிரி வெயில் மே மாதத்தில் இயல்பு, டிசம்பரில் அதிர்ச்சி என்பதைப் போன்றதுதான் இது.

சந்தை உயர்வதும், புதிய உச்சம் தொடும் பங்குகள் பெருகுவதும், கடன் பத்திரங்களைவிடப் பங்குகள் கூடுதல் லாபம் தருவதும் பெரும்பாலும் ஒரே விலை நகர்வின் வெவ்வேறு முகங்கள் என்பதால், ஏழு சாட்சிகள் என்று எண்ணிவிடக் கூடாது.

2008 செப்டம்பர் 17 அன்று பயம்–பேராசைக் குறியீடு 12க்கு இறங்கியது; எஸ் அண்ட் பி 1156 புள்ளிகளில் முடிந்தது. அன்று வாங்கியவர், 2009 மார்ச் 9 அன்று அது 677 அருகே முடிந்தபோது, முதலீட்டில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இழந்திருப்பார். பயம் எவ்வளவு என்பதை எண் சொன்னது. அது எப்போது தீரும் என்பதைச் சொல்லவில்லை. உங்கள் நிதி நிஃப்டியைப் பின்பற்றுவதானால், இந்த அமெரிக்க அளவு இன்னும் ஒரு படி விலகியே நிற்கிறது.