டோரேமான் பை: கண்ணையும் மூக்கையும் பாருங்கள்

"சந்தையில் பையனுக்கு டோரேமான் பை வாங்கினேன். முகம் ஏதோ இடிக்கிறது. போலியா?"

முதலில் கண்களைப் பாருங்கள், சகோ. அசல் டோரேமானின் இரண்டு கண்களும் நடுவில் ஒட்டியே இருக்கும். அந்த இடத்துக்கு நேர் கீழே சிவப்பு மூக்கு. முகம் இடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்: பார்த்து வரைந்தவர் மனித முகம்போல் கண்களைப் பிரித்து, மூக்கைக் கீழே இறக்கிவிடுவார். என் மகளின் தண்ணீர் பாட்டிலில் அப்படித்தான் இருந்தது. மீசையும் ஒரு பக்கம் இரண்டே கோடு. பக்கத்துக்கு மூன்று இருக்க வேண்டும்.

அடுத்து உடல். உயரமும் மார்புச் சுற்றளவும் ஒரே அளவு, 129.3 செ.மீ. அதனால் ஒல்லியாக, நீண்ட காலோடு நின்றால் சந்தேகப்படுங்கள். கை வெறும் வெள்ளை உருண்டை, விரல் கிடையாது.

நிறத்தில் கழுத்துப் பட்டை சிவப்பு, மணி மஞ்சள். இவை இடம் மாறியிருந்தால் போலிதான். சிவப்பு மூக்கின் கோட்டைத் தாண்டி லேசாக வழிந்திருந்தால் மட்டும் முடிவுக்கு வராதீர்கள், அது அச்சுப் பிசகாகவும் இருக்கலாம்.

ஒன்று: அசல் படத்தையே எடுத்து அச்சடித்த போலியை இந்த வழியில் பிடிக்க முடியாது. அதற்கு உரிமக் குறிப்புள்ள சீட்டைத்தான் பார்க்க வேண்டும்.