கதை சொன்னவர் ஆண்டை மாற்றிச் சொன்னால் ஆய்வேட்டில் திருத்தலாமா?

கேள்வி: வாழ்க்கைக் கதை ஆய்வு செய்கிறேன். சொன்னவர்கள் காலத்தை முன்பின்னாகச் சொல்கிறார்கள், சில ஆண்டுகள் தவறாகவும் உள்ளன. வரிசைப்படுத்தித் திருத்தி எழுதினால் அது அவர்கள் கதையாகவே இருக்குமா?

நீங்கள் முதல் வரைவை எழுதி முடித்து, வழிகாட்டியிடம் கொடுக்கும் முன் தயங்கி நிற்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். அதே இடத்தில் தவறியவன் நான்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரை ஊர் ஒன்றில், கடவத்தில் மீன் சுமந்து விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்த ஒரு தாயாரை மூன்று முறை சந்தித்துப் பதிவு செய்தேன். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க எனக்கு ஏழு மணி நேரம் ஆயிற்று. அவர் பிறப்பிலிருந்து தொடங்கவில்லை. முதன்முதலில் கடவம் தூக்கிய காலையிலிருந்து தொடங்கினார். கணவரின் மரணத்தை அந்த இடத்தில் ஒருமுறையும், சுனாமி நிவாரணப் பட்டியலைப் பற்றிப் பேசியபோது மறுமுறையும் சொன்னார். "எனக்க மாப்பிள்ளய சுனாமி கொண்டு போச்சு" என்பது அவர் வாக்கியம். ஆனால் பங்குக் கோயிலின் அடக்கப் பதிவேட்டின்படி கணவர் 2003-ஆம் ஆண்டு கச்சான் காற்றுக் காலத்தில் வள்ளம் கவிழ்ந்து இறந்தவர். சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26 அன்று.

நான் பிறப்பு, திருமணம், மரணம், தொழில் என்று காலவரிசையில் அடுக்கினேன், ஆண்டையும் திருத்தினேன். கதை சீராக இருந்தது. அதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது நெடுநேரம் அமைதியாக இருந்துவிட்டு, "இது ஆரோ ஒருத்திக்க கதை மக்களே" என்றார்.

அதன்பின் அவரிடம் தேதியைக் கேட்கவில்லை, பிழையையும் சுட்டவில்லை. சுனாமிக்குப் பிறகு கரையில் என்னென்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். "சுனாமியில செத்தவங்களுக்கு வருசா வருசம் பூச உண்டு. எனக்க மாப்பிள்ளையும் கடல்லதானே செத்தாரு, அவருக்கு ஆரு பேரு சொல்லுவா?" என்றார். அந்தத் தேதிப் பிழைக்குள் இருந்தது இதுதான்: ஊர் நினைவுகூரும் சாவுகளின் வரிசையில் தம் கணவரையும் அவர் சேர்த்திருந்தார். நான் மரணத்தை 2003-க்கும் நிவாரணப் பட்டியலை 2005-க்கும் பிரித்து வைத்தபோது, இரண்டையும் அவர் கட்டியிருந்த முடிச்சு அவிழ்ந்துபோயிற்று.

வாய்மொழி வரலாற்றாய்வாளர் அலெசாந்திரோ போர்த்தெல்லி இத்தாலியின் தெர்னி நகரில் இதையே கண்டார். லூயிஜி திராஸ்துல்லி என்ற எஃகாலைத் தொழிலாளி 1949-இல் நேட்டோ எதிர்ப்புப் போராட்டத்தின்போது கொல்லப்பட்டார். ஆனால் தொழிலாளர் பலரும் அந்தச் சாவை 1953-இன் ஆட்குறைப்புப் போராட்டத்தோடு இணைத்தே நினைவுகூர்ந்தனர். அந்த இடமாற்றத்தைக் குறையாக ஒதுக்காமல், அதையே ஆய்வுப் பொருளாக அவர் எடுத்துக்கொண்டார்.

எனவே வரைவைப் புதிதாக எழுதினேன். ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது எழுத்தாக்கத்தின் எந்த வரியிலிருந்து வந்தது என்று எண் இட்டேன். எண் கிடைக்காத வாக்கியங்கள் என்னுடையவை. அவற்றில் பெரும்பாலானவை "ஆகவே", "இதனால்" என்று தொடங்கியதைக் கண்டேன். அந்தத் தாயார் சொல்லாத காரணங்களை நான் அவர் வாயில் வைத்திருந்தேன். அவற்றை நீக்கி, அவருடைய வரிசையையும் அவருடைய ஆண்டையும் அப்படியே விட்டு, அடுத்த பத்தியில் என் குரலில் பதிவேட்டின் ஆண்டைக் கூறி, இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று விளக்கினேன். காலவரிசை அட்டவணை பின்னிணைப்புக்குப் போயிற்று. வேறுபாட்டைச் சொல்லும் அந்தப் பக்கத்துக்கு மட்டும் அவரிடம் தனியாக ஒப்புதல் கேட்டேன், ஏனெனில் சிறிய ஊரில் பெயரை மாற்றினாலும் ஆளை அறிந்துகொள்வார்கள்.

உண்மையை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று சிலர் சொல்லக்கூடும். பதிவேட்டு ஆண்டை நான் மறைக்கவில்லை. மேலும், ஒருவர் சொல்வது பிறர்மீது குற்றம் சுமத்துவதாகவோ, சொத்து அல்லது இழப்பீட்டு உரிமை அந்தத் தேதியைச் சார்ந்ததாகவோ இருந்தால், சரிபார்க்காமல் ஆய்வேட்டில் ஏற்றக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

எனக்கு இன்றும் ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களுள் ஒருவர், "எனக்க" என்பதை "என்னுடைய" என்று மாற்றி நல்ல தமிழில் தரும்படி எழுதியிருந்தார். அந்தத் தாயார் பேசியது நல்ல தமிழ் இல்லையென்றால் எது நல்ல தமிழ்? மேற்கோள்களில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், தேவைப்பட்ட சொற்களுக்கு அடிக்குறிப்பில் பொருள் தந்து திருப்பி அனுப்பினேன்.

இரண்டாம் வரைவையும் அந்தத் தாயாருக்கு வாசித்தேன். கொழுந்தனைப் பற்றிய ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னார். அது என் ஆய்வுக்கு மிகவும் உதவியிருக்கும். ஆனாலும் எடுத்துவிட்டு, சொன்னவரின் விருப்பப்படி ஒரு பகுதி நீக்கப்பட்டது என்று முறையியல் இயலில் ஒரு வரி எழுதினேன்.