இருட்டாக விழுந்த போட்டோவில் முகத்தை மட்டும் வெளிச்சமாக்குவது எப்படி? மொத்தமாக பிரைட்னஸ் கூட்டினால் பின்னால் எல்லாம் வெளுத்துப் போகிறது

உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் வாசலுக்கோ ஜன்னலுக்கோ முதுகைக் காட்டி யாரோ உட்கார்ந்திருப்பார்கள், செல்போனில் எடுத்திருப்பீர்கள், அந்த நபர் இனி அந்தப் புடவையில் அந்த இடத்தில் உட்காரப் போவதில்லை. என்னிடம் வருகிற படங்களில் முக்கால்வாசி இந்த ரகம்தான். சில வருஷம் ஒரு ஸ்டுடியோவில் டச்சப் வேலை பார்த்தவன் என்பதால் சொந்தக்காரர்கள் வட்டாரத்தில் இந்த இலாகா என்னுடையதாகிவிட்டது.

போன வருஷம் அத்தை மாமாவின் மணிவிழா. வீட்டிலேயே வைத்தார்கள். இருவரும் மணையில் உட்கார்ந்திருக்க, அவர்களுக்குப் பின்னால் தலைவாசல் திறந்து கிடக்கிறது. வெளியே பந்தல், கட்டின வாழை மரம், அதற்கும் பின்னால் பத்து மணி வெயில். போன் கேமரா அந்த வெயிலைப் பார்த்துப் பயந்து மொத்தப் படத்தையும் அடக்கிவிட்டது. வாழை மரம் இலை இலையாகத் தெரிகிறது, அத்தை முகம் நிழல். அத்தான் அதை எடுத்து பிரைட்னஸை இழுத்துவிட்டு, "முகம் வந்துடுச்சு, ஆனா வாழை மரத்தைக் காணோம்டா" என்று எனக்கு அனுப்பினார்.

வாழை மரம் எங்கே போனது என்றால், படத்தில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரை ஒரு எண். கணக்குக்காக அத்தை முகம் 55, வாசல் வெளிச்சம் 240 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் 50 கூட்டினால் முகம் 105 ஆகும், நல்லது. ஆனால் வாசல் 290 ஆக வேண்டும். 255-க்கு மேல் எண்ணே கிடையாது. 210, 220, 240 என்று வெவ்வேறாக இருந்த இலை, பந்தல், வானம் எல்லாம் ஒரே 255-இல் போய் முட்டி வெள்ளைச் சுவராகிவிடும். ஆப்களில் இருக்கும் பிரைட்னஸ் இப்படி நேராகக் கூட்டுவதில்லை, வளைத்துத்தான் கூட்டும் என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். தெரியும். கடைசியில் முட்டுவது அதே சுவரில்தான்.

முகத்துக்கு மட்டும் கூட்ட போனில் ஸ்னாப்சீட் என்ற ஆப் போதும். லைட்ரூம், போட்டோஷாப் எல்லாம் இதைவிட நுணுக்கமாகச் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் ஒரு படத்தைச் சரிசெய்யக் கேட்கிறார், தொழில் தொடங்கவில்லை. புதுப் பதிப்புகளில் பட்டன்கள் இடம் மாறியிருக்கலாம், பெயரை வைத்துத் தேடிக்கொள்ளுங்கள்.

படத்தைத் திறந்து Tools-க்குள் Selective என்பதை எடுங்கள். கன்னத்தில், நிழலும் இல்லாமல் மினுமினுப்பும் இல்லாமல் சராசரியான ஓர் இடத்தில் தொடுங்கள். B என்று ஒரு புள்ளி விழும். இரண்டு விரலை வைத்து விரித்தால் அந்தப் புள்ளி எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பது சிவப்பாகத் தெரியும். முகம், காது, தாடை வரை சிவப்பு வரும்படி விட்டுவிட்டு, விரலை வலப்பக்கம் இழுத்தால் Brightness ஏறும்.

இந்தக் கருவியின் சூட்சுமம் அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. அது வெறும் வட்டம் இல்லை. நீங்கள் தொட்ட இடத்தின் நிறத்தை எடுத்துக்கொண்டு, வட்டத்துக்குள் அதே மாதிரி நிறம் உள்ள இடத்தை மட்டும்தான் பிடிக்கும். அதனால் அத்தையின் தலைமுடி கறுப்பாகவே நின்றது, குங்குமம் ரோஸ் ஆகவில்லை. வைர மூக்குத்தியில் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு இருந்தது. அது ஊதிப் பெருக்காமல் அப்படியே மின்னியது. பிரஷ் எடுத்து முகம் முழுக்கத் தேய்த்திருந்தால் அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான் மிஞ்சியிருக்கும்.

இதே குணம் காலையும் வாரும். அத்தை கட்டியிருந்தது அரக்குக் கரை போட்ட மாம்பழ நிறப் புடவை. நிழலில் அந்த நிறமும் தோல் நிறமும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். கன்னத்தில் கூட்டக் கூட்ட, தோள்பட்டையில் புடவையும் சேர்ந்து பளபளக்க ஆரம்பித்தது. இதற்கு வட்டத்தைச் சுருக்கினால் தாடை இருட்டில் போய்விடும். புடவையின் மேலேயே இன்னொரு புள்ளி வைத்து, அதில் எதையும் கூட்டாமல் 0-விலேயே விட்டுவிட வேண்டும். 'இது இருக்கிறபடியே இருக்கட்டும்' என்று ஒரு காவல் போட்ட மாதிரி. முகத்தை ஒட்டிப் பழுப்புச் சுவரோ மரக் கதவோ இருந்தாலும் அதன் மேலேயும் ஒரு 0 புள்ளி. சும்மா இருக்கிற புள்ளி எதற்கு என்று பெரும்பாலானவர்கள் வைப்பதே இல்லை. காதைச் சுற்றிச் சுவரில் புகை மாதிரி ஒரு வெளிச்ச வளையம் தெரிந்தால், அங்கே இந்தப் புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

எவ்வளவு கூட்டுவது? அத்தை படத்தில் கன்னத்தில் 30-க்குப் பக்கத்தில் நிறுத்தினேன். 60, 70 என்று போனால் முகம் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியது போல ஆகும். அதைக் காட்டிக்கொடுப்பது கழுத்து. முகத்துக்கு மட்டும் வெளிச்சம் விழுந்து, தாலிக்கொடி கிடக்கிற கழுத்து இருட்டாக இருக்கிற வெளிச்சம் உலகத்தில் கிடையாது. எனவே கழுத்தில் தனிப் புள்ளி வைத்து முகத்துக்குக் கொடுத்ததில் பாதி கொடுங்கள். மடியில் கை தெரிந்தால் அதற்கும் கொஞ்சம். அப்புறம், நிழலிலிருந்து தூக்கிய தோல் சற்றுச் சாம்பல் பூத்தது மாதிரி இருக்கும். கன்னத்துப் புள்ளியைத் தொட்டுவிட்டு விரலை மேலும் கீழும் இழுத்தால் Saturation வரும். 10 அளவுக்குக் கூட்டினால் ரத்த ஓட்டம் திரும்பிவிடும். அப்போதும் நீலம் ஓடினால் Brush கருவியில் Temperature எடுத்து 5-இல் வைத்து முகத்தில் ஒரு தடவை தேயுங்கள், அவ்வளவுதான்.

மீதி வேலையை முகத்தில் செய்யாதீர்கள், சுற்றுப்புறத்தில் செய்யுங்கள். கண் எந்த வெளிச்சத்தையும் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கும். வாசல் வெளிச்சத்தில் ஒரு Selective புள்ளி வைத்து 15, 20 குறைத்தேன். முகத்தில் எதையும் தொடவில்லை, ஆனாலும் முகம் இன்னும் ஒரு படி முன்னால் வந்தது. வாழை மரமும் கூடுதலாகத் தெளிந்தது. ஏற்கெனவே வெள்ளையாகிப்போன வானத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். அங்கே விவரமே இல்லாததால் அழுக்குச் சாம்பல்தான் வரும்.

இதெல்லாம் ஏமாற்று வேலை, போட்டோ என்றால் எடுத்தது எடுத்தபடி இருக்க வேண்டும் என்பவர்களுக்கு: பிலிம் காலத்து டார்க்ரூமிலும் இதே வேலை நடந்தது. என்லார்ஜரிலிருந்து பேப்பரில் வெளிச்சம் விழும்போது, கம்பி நுனியில் ஒட்டிய சின்ன அட்டையை முகத்துக்கு நேரே சில நொடி ஆட்டிப் பிடிப்பார்கள். அந்தப் பேப்பர் வெளிச்சம் பட்டால் கறுக்கிற ரகம். அங்கே வெளிச்சம் குறைவாக விழுவதால் பிரின்டில் முகம் மட்டும் வெளிறி வரும். அட்டையை ஆட்டாமல் ஒரே இடத்தில் பிடித்தால் ஓரம் கோடாக விழுந்துவிடும். போட்டோஷாப்பில் Dodge கருவிக்கு இருக்கிற படம் அந்தக் கம்பியும் அட்டையும்தான்.

முகத்தைத் தெரிய வைப்பது வேறு, வெள்ளையாக்குவது வேறு. இதைச் சொல்லாமல் என்னால் இந்தப் பதிலை முடிக்க முடியாது. நான் இருந்த ஸ்டுடியோவில் கறுத்த பெண்ணின் படம் வந்தால், அதுவும் ஜாதகத்தோடு அனுப்புகிற படமென்றால், யாரும் கேட்காமலே இரண்டு 'கலர்' ஏற்றிவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். மாட்டேன் என்றால் முதலாளியிடம் திட்டு. கறுத்த தோலில் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் மூக்கு நுனியிலும் விழுகிற மினுமினுப்புதான் முகத்துக்கு வடிவம் தருகிறது. நிழலைத் தூக்கும்போது அந்த மினுமினுப்புக்கும் மீதித் தோலுக்கும் உள்ள வித்தியாசம் அழியக் கூடாது. அழிந்து முகம் மாவு பூசியது மாதிரி தட்டையானால் அளவு மீறிவிட்டது, பின்னால் வாருங்கள். அத்தானும் கேட்டார், "இன்னும் கொஞ்சம் கலரா ஆக்கேன்டா" என்று. ஆக்கவில்லை. அத்தை படத்தைப் பார்த்துவிட்டு நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, "மூக்குத்தி எவ்வளவு நல்லாத் தெரியுது" என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, முடியாத இடமும் உண்டு. முகத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணின் வெள்ளையும் கருவிழியும் தனித்தனியாகத் தெரிகிறதா, மூக்கின் ஓரக் கோடு இருக்கிறதா? இருந்தால் மீட்கலாம். எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தால் எந்தக் கருவியாலும் சாம்பல் கறையும், சிவப்பு பச்சைப் பொடியும்தான் கிடைக்கும். லேசாகப் பொடி தெரிகிறதென்றால் பெரிய பிரின்ட் போடாமல் தபால் அட்டை அளவில் போடுங்கள், கண்ணை உறுத்தாது. எடிட் செய்யும்போது போன் திரையின் வெளிச்சத்தைப் பாதியில் வைத்துக்கொள்ளுங்கள், இரவுக்கான மஞ்சள் திரையை அணைத்துவிடுங்கள். ராத்திரி படுத்துக்கொண்டு திரையை மங்க வைத்துச் செய்தால் தேவைக்கு மேல் கூட்டிவிடுவீர்கள், காலையில் பார்த்தால் முகம் டியூப் லைட்.

இந்த இலாகாவில் எனக்குப் பெரிய தலைவலி எடிட்டிங் இல்லை, படம் வந்து சேர்கிற விதம். எடுத்தவர் குடும்ப குரூப்பில் போடுவார், அதைச் சித்தப்பா சித்திக்கு அனுப்புவார், சித்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புவார், மேலே பேட்டரி 12% என்பதோடு. "ஒரு நிமிஷ வேலைதானே, சாயங்காலம் பிரேம் போடக் குடுக்கணும்" என்று கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டாலே படம் சுருங்கும். முதலில் பலியாவது நிழலுக்குள் மிச்சமிருக்கிற விவரம்தான். நமக்கு வேண்டியதும் அதுதான். அங்கே கட்டம் கட்டமாகத் தெரிந்தால் மேலே சொன்ன எதுவும் எடுபடாது. படம் எடுத்த போனிலேயே எடிட் செய்யுங்கள், அல்லது Document ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். எப்படி அனுப்புவது என்று கேட்பார்கள், இணைக்கிற கிளிப் படத்தைத் தொட்டு Gallery-க்குப் பதில் Document. என் சித்தியிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், உங்கள் சித்தியிடம் முயற்சி செய்யுங்கள்.