ஜூனியர் விலையை எவ்வளவு குறைக்கலாம்?

கேள்வி: சலூன் நடத்துகிறேன் சார். இரண்டு ஸ்டைலிஸ்ட்கள். சீனியருக்கு 50 சதவீத கமிஷன், ஜூனியருக்கு 35. ஹேர்கட்டுக்கு இருவரிடமும் ஒரே விலைதான். எல்லோரும் சீனியரையே கேட்பதால் அவர் தினமும் 10 பேருக்கு வெட்டுகிறார்; ஜூனியருக்கு 3 பேர்தான். சீனியர் விலையை 20 சதவீதம் கூட்டி, ஜூனியர் விலையை 40 சதவீதம் குறைக்கலாம் என்று நினைக்கிறேன். எனக்கு மிஞ்சுமா?

பதில்: விலையைப் பிரிப்பது சரி. 40 சதவீதம் என்பதுதான் உங்களைக் கவிழ்க்கும்.

இன்றைய விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். ஷாம்பு, துண்டு, பிளேடு வகையில் ஒருவருக்கு 8 செலவு. வாடகையும் மின்சாரமும் யார் வெட்டினாலும் மாறாது, எனவே அவற்றை இப்போதைக்கு விட்டுவிடுவோம். சீனியரிடம் வருபவரால் உங்கள் கையில் நிற்பது 42 (100இல் கமிஷன் 50, பொருள் 8 போக). ஜூனியரிடம் வருபவரால் 57. ஆக, நாளுக்கு 420 + 171 = 591.

இப்போது உங்கள் திட்டம். சீனியர் விலை 120 ஆனால் கமிஷன் 60, உங்களுக்கு 52. ஜூனியர் விலை 60 ஆனால் கமிஷன் 21, உங்களுக்கு 31. சீனியரிடமிருந்து 3 பேர் ஜூனியர் பக்கம் போகிறார்கள் என்று கொள்வோம். 7 பேருக்கு 364, 6 பேருக்கு 186. மொத்தம் 550. ஜூனியர் நாற்காலி நிரம்பத் தொடங்கியும், 591 இருந்த இடத்தில் 41 குறைந்துவிட்டது. வாடிக்கையாளர் எண்ணிக்கை அதே 13. வெளியிலிருந்து புது ஆள் யாரும் வரவில்லை. 42 கொடுத்தவர்கள் 31 கொடுக்கும் இடத்துக்கு நகர்ந்திருக்கிறார்கள், ஏற்கனவே 57 கொடுத்த மூவரும் 31க்கு இறங்கிவிட்டார்கள்.

ஜூனியர் விலையை 80இல் நிறுத்திப் பாருங்கள். கமிஷன் 28, பொருள் 8 போக உங்களுக்கு 44. அதே 3 பேர் நகர்ந்தாலும் 364 + 264 = 628. சீனியருக்கு 120, ஜூனியருக்கு 80 என்ற இடைவெளியே வாடிக்கையாளரை யோசிக்க வைக்கும். அதற்கு மேல் தள்ளுபடி கொடுத்தால், ஜூனியரின் வேலையில் ஏதோ குறை என்று நீங்களே சொல்வது போலாகும்.

இதில் சலூன்காரர்கள் பலர் கவனிக்காமல் விடுவது சீனியரின் சட்டைப்பையை. இன்று அவருக்கு 10 பேரால் 500 கிடைக்கிறது. விலை ஏறி 7 பேராகக் குறைந்தால் 420தான். "உங்கள் விலையைக் கூட்டிவிட்டேன்" என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்கள். மாதக் கடைசியில் அவர் வேறு கடை பார்க்கத் தொடங்குவார், வாடிக்கையாளர் பட்டியலோடு. அவருக்கு நட்டமில்லாமல் இருக்க நாளுக்கு 9 பேராவது வேண்டும் (9 × 60 = 540). அப்படி நடந்தால் உங்களுக்கும் 468 + 264 = 732 நிற்கும்.

ஆகவே விலைப்பலகையை மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் போடுங்கள். சீனியரிடம் இடமில்லை என்று திருப்பி அனுப்பிய அழைப்புகளை வரவேற்பில் இருப்பவர் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக் குறிக்கட்டும். நாளுக்கு இரண்டு மூன்று பேராவது திரும்பிப் போனால் தாராளமாகக் கூட்டலாம். காலியாகும் இடத்தில் அவர்கள் வந்து உட்காருவார்கள், எல்லோரும் 120க்குச் சம்மதிக்காவிட்டாலும். யாருமே திரும்பிப் போகவில்லையென்றால் சீனியர் விலையை இப்போது தொடாதீர்கள். ஜூனியரை மட்டும் 85, 90 என்று சற்றுக் குறைத்து வையுங்கள்.

போனில் "சீனியரா, ஜூனியரா?" என்று கேட்க வேண்டாம். எந்த நேரம் வேண்டும் என்று முதலில் கேட்டு, அந்த நேரத்தில் இருப்பவரின் பெயர், விலை, ஆகும் நேரம் மூன்றையும் சொல்லட்டும். ஜூனியருக்குக் கூடுதல் நேரம் பிடித்தால் அதையும் மறைக்காமல் சொல்வது நல்லது. அவசரக்காரர் தானாகவே சீனியரிடம் போவார்.

கலரிங்குக்கு இந்தக் கணக்கை அப்படியே தூக்கி வைக்காதீர்கள். டியூப் கலருக்கு யார் கை பட்டாலும் அதே விலை. 300 விலையில் பொருள் 90 என்றால், 20 சதவீதக் குறைப்பு மீதமுள்ள 210இல் மட்டும்தான்: 168 + 90 = 258. முழு விலையில் குறைத்து 240 வாங்கினால் வசூலில் 18 குறைகிறது. கமிஷனையும் பொருள் செலவு கழித்த பிறகே கணக்கிடுங்கள். ஆனால் இந்த மாற்றத்தைச் சீனியரிடம் முன்கூட்டியே பேசிவிட்டுச் செய்யுங்கள்.

ஜூனியர் வெட்டியதைச் சரிசெய்ய எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்றும் அதே நோட்டில் குறியுங்கள். திரும்பி வருபவருக்கு இலவசமாக வெட்டும்போது அந்த நேரத்தில் வரவேண்டிய 44 போகிறது, மேலே ஒரு 8 செலவாகிறது. அந்தக் கோடுகள் குறைந்து, அவர் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் கூடி, அவருடைய நாளும் முக்கால்வாசிக்கு மேல் தொடர்ந்து நிரம்பினால், 80ஐ 90 ஆக்குங்கள்.