மேல் காதில் குத்திய இடம் சிவந்திருக்கிறது: ஆறுகிறதா, சீழ் பிடிக்கிறதா?

கேள்வி: டாக்டர், நான் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறேன். ஆறு நாளைக்கு முன் ஒரு கடையில், துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்து மேல் காதில் குத்திக்கொண்டேன். இரண்டு நாளில் வலி குறைந்துவிட்டது. நான்காம் நாளிலிருந்து மறுபடி வலிக்கிறது. மேல் காது முழுக்கச் சிவந்து, தொட்டால் சுடுகிறது, மஞ்சளாக ஏதோ கசிகிறது. "காது குத்தினால் அப்படித்தான், மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போடு" என்கிறார் அம்மா. மருந்துக்கடையில் கேட்டு அமாக்ஸிசிலினும் சாப்பிடுகிறேன். இன்னும் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். இன்றே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

உங்கள் அம்மா சொல்வது கீழ்க் காதுக்குப் பெரும்பாலும் சரி. கம்மல் போடும் அந்தத் தொங்கு சதையில் ரத்த ஓட்டம் அதிகம். குத்திய சில நாட்களுக்குத் துளையைச் சுற்றி லேசாகச் சிவக்கும், வைக்கோல் நிறத்தில் தண்ணீர் மாதிரிக் கசிந்து தோட்டின் மேல் பொருக்காகக் காயும். இது காயம் ஆறும்போது வரும் நீர்தான், சீழ் இல்லை. ஆறு முதல் எட்டு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

மேல் காது அப்படியில்லை. அங்கே உள்ளே இருப்பது குருத்தெலும்பு. அதற்கென்று தனியாக ரத்தக் குழாய் கிடையாது, மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்துதான் ஊட்டம் வருகிறது. சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் சீழ் கோத்தால் அந்த ஊட்டம் அறுந்து, குருத்தெலும்பு கரைய ஆரம்பிக்கும். அப்புறம் நோய் குணமானாலும் காது சுருங்கி மடங்கியே நிற்கும். கருவியால் அழுத்திக் குத்தும்போது குருத்தெலும்பும் சவ்வும் நசுங்குவதால் ஆபத்து இன்னும் கூடுகிறது. மேல் காதுக்கு அந்தக் கருவியைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் கருத்து.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது கசிவு அல்ல, வலியின் போக்கு. ஆறும் காயத்தில் வலி நாளுக்கு நாள் இறங்கும். குறைந்த வலி மூன்று, நான்கு நாளில் திரும்பி ஏறினால் கிருமி புகுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சிவப்பும் அப்படித்தான். துளையைச் சுற்றி ஒரு சிறு வளையமாக நின்றால் பயமில்லை, பரவினால்தான் கவலை. மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. கருஞ்சிவப்பாக, பளபளப்பாக, இறுகினாற்போல இருக்கும். விரலின் பின்பக்கத்தால் இரண்டு காதையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள், சூட்டில் வித்தியாசம் தெரியும். மேல் காதை மெதுவாக மடக்கும்போது உயிர் போகிற மாதிரி வலித்து, கீழே தொங்கு சதை மட்டும் சாதாரணமாக இருந்தால், அது குருத்தெலும்புச் சவ்வில் வரும் தொற்றின் அடையாளம். காய்ச்சலோ குளிரோ சேர்ந்தால் ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மஞ்சளை நிறுத்திவிடுங்கள். கசிவது நீரா சீழா என்று பார்க்க வேண்டிய இடத்தில் எல்லாமே மஞ்சளாகிவிட்டால் மருத்துவர் என்ன செய்வார்? எண்ணெய் வேறு துளையில் பிசுபிசுவென்று அழுக்கைப் பிடித்து வைக்கும்.

அமாக்ஸிசிலின் விஷயம் அதைவிட முக்கியம். மேல் காதுத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் சூடோமோனாஸ் என்ற, ஈரத்தில் வாழும் கிருமி. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், ஒரே நகைக் கடையில் காது குத்திக்கொண்ட ஏழு பேருக்கு இந்தத் தொற்று உறுதியானது. அத்தனையும் மேல் காதில் குத்தியவை. கிருமி இருந்த இடம், கடையில் தெளித்த கிருமிநாசினி பாட்டில்! இந்தக் கிருமியிடம் அமாக்ஸிசிலின் வேலை செய்யாது. சிப்ரோஃபிளாக்ஸசின் போன்ற வேறு வகை மருந்து தேவைப்படும். அதையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள். உங்களுக்கு ஒத்துவருமா, எத்தனை நாள், சீழைக் கீறி எடுக்க வேண்டுமா என்பதையெல்லாம் காதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

போகும்வரை தோட்டைக் கழற்ற வேண்டாம், துளை மூடிக்கொண்டு சீழ் உள்ளே அடைபடலாம். எடுப்பதா வேண்டாமா என்று மருத்துவர் சொல்லட்டும். திருகாணி சதைக்குள் அழுந்தியிருந்தால் அதையும் காட்டுங்கள். பிதுக்காதீர்கள், தோட்டைச் சுழற்றாதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனில் சுத்தமான காஸ் துணியை நனைத்து ஒற்றி எடுத்தால் போதும். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்ஸைடு இரண்டும் வேண்டாம்.

அமாக்ஸிசிலின் எத்தனை மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சீழ் இருந்தால் பரிசோதனைக்கு எடுத்து அனுப்பிவிட்டுப் புது மருந்தைத் தொடங்க முடியுமா என்றும் கேளுங்கள்.