அந்த 350 வெள்ளி – கடிதமும் பதிலும்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் 'கூட்டுக் கணக்கு' கதையை இரண்டு தரம் படித்தேன். சுங்கை சிப்புட்டில் பத்து வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் அந்தத் தோட்டம், டவுன், தாமான் எல்லாம் கண்ணுக்குள் வந்தன. ஆனால் கோமளாவை என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மாவின் டயாலிசிஸுக்காக அக்காவும் தங்கையும் சேர்த்த பணத்திலிருந்து 350 வெள்ளியை அக்காவுக்குத் தெரியாமல் எடுக்கிறாள். எதற்கு என்று நீங்கள் சொல்லவே இல்லை. வங்கியில் வேலை செய்த என் மருமகன், கூட்டுக் கணக்கில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடாமல் பணம் எடுக்க முடியாது என்கிறார். அப்புறம், கடைசிப் பத்தியில் அக்கா மாலதி 540 வெள்ளி போடுகிறாள் என்று இருக்கிறது. மாதாமாதம் ஆளுக்குப் போடுவது 450 தானே? அச்சுப்பிழையைத் திருத்திவிடுங்கள்.

சரஸ்வதி டீச்சர், கம்பார்

அன்புள்ள டீச்சருக்கு,

முதலில் மருமகன் சொன்னதற்கு வருகிறேன், கதையே அங்கேதான் முடிச்சுப் போட்டிருக்கிறது. கூட்டுக் கணக்கு திறக்கும்போது பாரத்தில் ஒரு கேள்வி இருக்கும்: யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதுமா, இல்லை இருவரும் போட வேண்டுமா? இரண்டாவதைத் தேர்ந்தால் உங்கள் மருமகன் சொல்வதுதான் சரி. முதலாவதைத் தேர்ந்தால் இருவரில் யார் வேண்டுமானாலும், அடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், முழுப் பணத்தையும்கூட எடுக்கலாம். கதையில் கவுண்டரில் இருக்கும் பெண் "சாலா செயோராங்கா, கெடுவா டுவாவா?" என்று கேட்கிறாள். ஒருவரா, இருவருமா என்பதுதான் கேள்வி. கோமளாவின் காதில் 'சாலா' மட்டும் விழுகிறது. சாலா என்றால் தப்பு என்றும் அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் ஒரு கணம் தயங்கி அக்காவைப் பார்க்கிறாள், மாலதிதான் "சாலா செயோராங்" என்று பதில் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறாள். அந்த உரிமையைத் தங்கைக்குக் கொடுத்தவளே அக்காதான்.

இருவர் கையெழுத்து என்று ஏன் வைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் என் அக்காவும் எங்கள் அப்பாவுக்காகக் கணக்கு திறந்தபோது அப்படித்தான் வைத்தோம், பாதுகாப்பு என்று நினைத்து. அந்த மாதிரிக் கணக்குக்குப் பொதுவாக ஏடிஎம் கார்டு தர மாட்டார்கள், போனில் பணம் அனுப்பவும் முடியாது. ஓர் இரவு அப்பாவுக்கு மூச்சு முட்டி தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், முன்பணம் கட்டினால்தான் வார்டு என்றார்கள். கணக்கில் பணம் இருந்தது. அக்கா கூலிமில், நான் ஈப்போவில். விடிந்ததும் என் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. அடுத்த வாரமே கணக்கை ஒருவர் கையெழுத்துக்கு மாற்றினோம். மாலதி ஜொகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். ஒவ்வொரு தடவையும் அவள் கையெழுத்துக்குக் காத்திருக்க டயாலிசிஸ் விடாது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம். ஒரு நாள் தவறினாலே உடம்பில் தண்ணீர் ஏறிக்கொண்டு போகும், அது நுரையீரலுக்குப் போய்விட்டால் அம்மாவால் படுத்து மூச்சுவிட முடியாது.

இனி 350. கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள் டீச்சர், கதைக்குள் எல்லா எண்களும் இருக்கின்றன, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. அது தர்ம அமைப்பு நடத்தும் சென்டர், உதவித்தொகை போக அம்மா ஒரு தடவைக்குக் கட்ட வேண்டியது 45 வெள்ளி. தோட்டத்திலிருந்து கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட வண்டிக்கார அங்கிளுக்கு 25. ஆக 70. திங்கள், புதன், வெள்ளி என்று போகிறவர்களுக்கு ஒரு மாதம் 12 தடவை வரும், ஒரு மாதம் 14 கூட வரும். சராசரியாக 13 என்று வைத்தால் 910. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தம் ஊறாது, அதற்கு ஊசி போட வேண்டும், கதையில் அது மாதம் 80. மொத்தம் 990. இருவரும் போடுவது ஆளுக்கு 450, அதாவது 900.

மாதம் 90 வெள்ளி இடிக்கிறது.

அதை யார் கொடுத்தது? கோமளா ஒன்றாம் தேதி 900 எடுக்கிறாள், மீதிக்குத் தன் பர்ஸைத் திறக்கிறாள். அந்தப் பணம் கணக்கு வழியாகப் போகாததால் மாலதியின் போனில் தெரிவது 900 வரவு, 900 செலவு, எல்லாம் கச்சிதம். எட்டு மாதத்தில் 720 வெள்ளி இப்படிப் போயிருக்கிறது. இதில் பள்ளிக்கூட கேண்டீனில் அவள் இழந்த நாள்கூலியை நான் சேர்க்கவே இல்லை. ஒன்பதாவது மாதம், அவசரத்துக்கென்று ஆளுக்கு 500 போட்டு, கை வைக்கக் கூடாது என்று பேசிவைத்த ஆயிரத்திலிருந்து 350 எடுக்கிறாள்.

அக்காவிடம் கேட்டிருக்கலாமே என்று எனக்கு வந்த பாதிக் கடிதங்களில் இருக்கிறது. ஆளுக்குப் பாதி என்று பிடிவாதமாகச் சொன்னவளே கோமளாதான், அதை மறந்துவிடாதீர்கள். மாலதி முதலில் "நான் 600 போடறேன், நீ 300 போடு" என்கிறாள். தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்து அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவள் பணத்திலும் குறைந்தவளாக நிற்க விரும்பவில்லை. அப்படிச் சொன்னவள் எட்டு மாதம் கழித்து "பத்தலக்கா" என்று எந்த வாயால் கேட்பாள்?

எதற்கு எடுத்தாள் என்பது முதல் பிரதியில் இருந்தது. பள்ளி திறக்கிற நேரம், இரண்டு பிள்ளைகளுக்குச் சீருடை, சப்பாத்து என்று ஒரு முழுப் பக்கம். அதை எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் இருந்தால் நீங்கள் பிள்ளைகளின் சப்பாத்துக்காக அவளை மன்னித்திருப்பீர்கள். நான் அதைக் கேட்கவில்லை டீச்சர். அது அவள் பணம், இன்னும் 370 அவளுக்கு வர வேண்டியிருக்கிறது. புதுத் துணி வாங்கினாள் என்றே வைத்துக்கொள்ளுங்களேன், கணக்கு மாறாது.

வங்கித் தாளில் தேதி, தொகை, மீதி மூன்றுதான் வரும். யாருடைய கை வலித்தது என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. இரவு பஸ்ஸில் பாலத்து நெரிசலில் நின்றுகொண்டு மாலதி அந்த ஒரு வரியைப் பார்க்கிறாள், உங்களுக்கு வந்த அதே கோபம் அவளுக்கும் வருகிறது. அதனால்தான் தீபாவளி லீவுக்கு வரும்போது ஒரு வெள்ளிக்கிழமை தானே அம்மாவைக் கூட்டிப்போகிறேன் என்கிறாள். கண்காணிக்கத்தான் போகிறாள். எடை பார்க்கும் மிஷினில் ஏறும்போது அம்மா செருப்பைக் கழற்றி, கைப்பையைக் கோமளாவிடம் நீட்டுவதுபோல மாலதியிடம் பார்க்காமலே நீட்டுகிறாள். கவுண்டரில் மாலதி 45 கட்டுகிறாள், வெளியே அங்கிளுக்கு 25 கொடுக்கிறாள். தாதி ஊசிச் சீட்டை நீட்டுகிறாள். நாலு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது சுவரில் தொங்கும் குதிரைக் காலண்டரில் அவள் விரலால் எதையோ எண்ணுகிறாள் என்று ஒரு வரி வரும். நிறையப் பேர் அதை வர்ணனை என்று தாண்டிப் போயிருக்கலாம்.

450உம் 90உம் எவ்வளவு? 540ஐத் திருத்த வேண்டாம் டீச்சர்.